அம்மாவின் காதுக்கு எட்டும் கைபேசி: மூத்தவர்களுக்குக் கருவி தேர்ந்தெடுக்கும் முறை

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் என் தாயாருக்கு 74 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளிக்கு, அவரிடம் எதுவும் கேட்காமல், பெரிய திரையுள்ள தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒலியை உச்சத்தில் வைத்துத்தான் கொடுத்தேன். ஆயினும் ஒவ்வொரு அழைப்பிலும், "எங்கிட்டோ கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குய்யா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காது மந்தம் கூடிவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அவர் பேசும்போது பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பழைய பொத்தான் கைபேசியைப் பிடிப்பதுபோல, கருவியின் நடுப்பகுதியைக் காதில் வைத்திருந்தார். குரல் வரும் மெல்லிய பிளவோ திரையின் மேல் விளிம்பில், அவருடைய காதுத் துளைக்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது. போதாக்குறைக்கு, கடையில் ஒட்டிக்கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி அந்தப் பிளவில் பாதியை மூடியிருந்தது.

அதன்பின் அவருக்கும், எங்கள் தெருவில் வேறு சில மூத்தவர்களுக்கும் கருவி தேர்ந்தெடுத்துக் கொடுத்த அனுபவத்தில் இந்த வழிமுறையை எழுதுகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து இந்தக் கருவியை வாங்க முடியாது என்பதே நான் கண்டது. யார் பேசப்போகிறாரோ அவருடைய காது, கண், விரல் ஆகிய மூன்றையும் கடைக்கு அழைத்துச் சென்று சோதித்து வாங்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை

முதலில் எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் நின்று, ஒரு காதை அவரே மூடிக்கொள்ளச் சொல்லி, சாதாரணக் குரலில் இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும். பலர் வலக்கைப் பழக்கத்தால் கைபேசியை வலக்காதில் வைப்பார்கள். நன்றாகக் கேட்பது இடக்காதாக இருக்கும். கருவியை மாற்றாமலே பாதிக் குறை இதனால் தீர்ந்த வீடுகள் உண்டு. இரு காதிலும் மந்தம் என்றால், அல்லது அண்மையில் திடீரென்று குறைந்திருந்தால், கைபேசி வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ வேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். காதில் இறுகிய குறும்பியை எடுத்தவுடன் பழைய கைபேசியிலேயே தெளிவாகக் கேட்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணுக்கும் இதே விதிதான். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்குத் தூரத்தில் உள்ளது நன்றாகத் தெரிந்தாலும், கிட்டத்தில் படிக்கத் தனிக் கண்ணாடி தேவைப்படும். அந்தக் கண்ணாடியைச் சில வாரங்கள் கழித்துத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் எழுத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். கடைக்குப் போகும் நாளில் அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவதும், வீட்டில் அவர் உண்மையில் அதை அணிந்துகொண்டுதான் கைபேசியை எடுக்கிறாரா என்று கவனிப்பதும் முக்கியம். என் தாயாரின் கண்ணாடி எப்போதும் சாமி மாடத்தில் இருக்கும், கைபேசி கூடத்தில் இருக்கும். ஆகவே அவரைப் பொறுத்தவரை, கண்ணாடி இல்லாமலே பெயர் தெரிய வேண்டும் என்பதே அளவுகோல்.

அடுத்தது சிம். இப்போது அவரிடம் இருப்பது எந்த நிறுவனத்தின் இணைப்பு, வீட்டுக்குள் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அதற்கு எத்தனை கோடு சிக்னல் வருகிறது என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. எனவே விலை மலிவான 2ஜி பொத்தான் கைபேசியில் அந்த சிம் வேலை செய்யாது. ஜியோ பாரத் வகைக் கைபேசிகளில் நேர்மாறாக, ஜியோ சிம் தவிர வேறெதுவும் வேலை செய்யாது. மூத்தவரின் எண் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ஓய்வூதியத்திலும் பதிவாகியிருக்கும் என்பதால், கருவிக்காக எண்ணை மாற்றுவது வீண் அலைச்சல். இருக்கும் எண்ணுக்குப் பொருந்தும் கருவியைத் தேடுவதே முறை.

பொத்தானா, தொடுதிரையா

வெளியூரில் இருக்கும் பேரக்குழந்தைகளை முகம் பார்த்துப் பேசுவது அவருக்கு உண்மையான தேவையாக இருந்தால் தொடுதிரை வாங்குங்கள். பேசுவது மட்டுமே தேவை என்றால் பொத்தான் கைபேசியே மேல் என்பது என் உறுதியான கருத்து. முதுமையில் விரல் நுனி உலர்ந்துபோவதால் தொடுதிரை சில வேளை தொடுதலை உணர்வதில்லை. உணரவில்லையே என்று அழுத்திப் பிடித்தால், அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடும். பொத்தானில் அழுத்தியது விரலுக்கே தெரியும்.

பொத்தான் கைபேசியிலும் மடிக்கும் வகை கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுப்பேன். திறந்தால் அழைப்பை ஏற்கும்படியும், மூடினால் துண்டிக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். மடித்திருக்கும்போது இடுப்பில் செருகினாலும் பையில் போட்டாலும் பொத்தான்கள் தாமாக அழுந்தா. எல்லாவற்றையும்விட, திறந்து பிடித்தால் குரல் வரும் துளை தானாகவே காதுக்கு நேரே வந்து நிற்கும். காது வளர்த்துத் தண்டட்டி அணிந்த மூதாட்டிகள் எங்கள் பக்கம் இன்றும் சிலர் இருக்கிறார்கள். தட்டையான கண்ணாடிக் கருவியைக் காதருகே வைக்கும்போது, சற்று விலகினாலும் திரை விழித்துக்கொண்டு, அணிகலனோ கன்னமோ பட்டு அழைப்பு துண்டிக்கப்படும். மடிக்கும் கருவியில் அந்தத் தொல்லை இல்லை.

எதை எடுத்தாலும் 4ஜி அழைப்பு வசதி உள்ளதாகவே எடுங்கள். வயது கூடும்போது காது முதலில் இழப்பது மேல் அலைவரிசைகளை. பேச்சின் ஓசை வலுவெல்லாம் உயிரெழுத்துகளில் இருக்க, சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற மெய்களின் அடையாளம் மேல் அலைவரிசைகளில் இருக்கிறது. அதனால்தான் மூத்தவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல" என்கிறார்கள். பழைய 2ஜி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 4ஜி அழைப்பு 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்த வல்லது. ஆனால் பேசும் இருவரின் கருவியும் 4ஜி அழைப்பில் இருந்தால்தான் இந்தத் தெளிவு கிடைக்கும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் இணைப்பாக இருந்தால் வாய்ப்பு கூடுதல். திரையின் மேல் ஓரத்தில் VoLTE அல்லது HD என்று தெரிகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

கடையில்: ஏழு சொற் சோதனை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடைகள் அதிகம் என்றாலும், மாலையில் அங்கே மூத்தவரை நிறுத்திவைத்துச் சோதிப்பது கடினம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் போன்ற ஊர்களில் வாடிக்கையாகப் போகும் கடை இருந்தால், வேலைநாள் காலையில், கூட்டம் சேருமுன் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பவை சில கடைகளில் வெறும் மாதிரிக் கூடுகள். சிம் போட்டுப் பேசிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூத்தவரின் சிம்மைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்பே நானோ அளவுக்கு வெட்டிய சிம், பெரிய அளவு கேட்கும் பொத்தான் கைபேசியில் நிற்காது. அதற்குரிய சட்டகம் கடையிலேயே கிடைக்கும்.

விற்பவர் பெரும்பாலும் பாட்டைப் போட்டுக் காட்டி, "ஊருக்கே கேக்கும்ணே" என்பார். அது பின்புற ஒலிபெருக்கி. கைபேசியில் நமக்கு வேண்டிய ஒலி மூன்று: அழைப்பு மணி, காதில் வைத்துக் கேட்கும் குரல், ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கும் குரல். பாட்டு அலறும் கருவியில் காதுக் குரல் மெலிந்திருப்பது மிகச் சாதாரணம். ஆகவே மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஏழு சொற்கள்: கடை, சடை, தடை, நடை, படை, மடை, வடை. முதல் எழுத்து மட்டுமே மாறும் இந்தச் சொற்களை ஊகித்துச் சொல்ல முடியாது; காதில் விழுந்தால்தான் சொல்ல முடியும். மூத்தவரைக் கடைக்குள் அமர வைத்துவிட்டு, நீங்கள் தெருவுக்கு வந்து, உங்கள் கைபேசியிலிருந்து அழையுங்கள். வரிசையை மாற்றி மாற்றி, கத்தாமல், வீட்டில் பேசும் குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். உடன் வந்தவர் எத்தனை சரி என்று குறித்துக்கொள்ளட்டும். கருவி காதுத் துளைக்கு நேரே இருக்கிறதா என்றும் உடன் வந்தவரே பார்க்க வேண்டும். பிறகு ஒலிபெருக்கியில் போட்டு இதையே மீண்டும் செய்யுங்கள். கூடுமானால் மகளோ பேத்தியோ அழைத்தும் பாருங்கள். பெண்குரலும் குழந்தைக்குரலும்தான் இந்த வயதில் முதலில் பிடிபடாமல் போகும்.

என் தாயாருக்கு மூன்று கருவிகளில் இதைச் செய்தோம். முதலாவது, 2ஜி பொத்தான் கைபேசி. காதுக்கு உரக்கவே கேட்டது, ஆனால் சடை தடையாகவும், படை கடையாகவும் விழுந்து, ஏழில் மூன்றுதான் சரி. இரண்டாவது, பெரிய எண் பொத்தான்களோடு மூத்தவர்களுக்கென்றே விற்கப்படும் 4ஜி கருவி. அதில் ஐந்து சரி. மூன்றாவது, மடிக்கும் 4ஜி கருவி; ஆறு சரி. ஒலிபெருக்கியில் போட்டபோது மட்டும் இரண்டாவதே மேலாக இருந்தது. தாயார் ஒலிபெருக்கியில் பேசுவதை விரும்புவதில்லை, "ஊரே கேக்கும்" என்பார். எனவே மடிக்கும் கருவியை எடுத்தோம். உங்கள் வீட்டில் கைநடுக்கம் உள்ளவர், கட்டிலில் வைத்தபடி பேசுபவர் என்றால் முடிவு வேறாக இருக்கும். அப்போது ஒலிபெருக்கியின் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகில் இருந்தால் மெத்தையில் வைத்தவுடன் குரல் அமுங்கிவிடும்.

செவித்துணைக் கருவி அணிபவர் அதை அணிந்துகொண்டே சோதிக்க வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் ஒலிவாங்கி காதின் மேற்புறத்தில் இருக்கும். கைபேசியைக் காதுத் துளையில் வைக்காமல், சற்று மேலே, அந்த ஒலிவாங்கிக்கு அருகில் பிடிக்கப் பழக்குங்கள். ஒட்டி வைத்து வீல் என்று கூவினால், ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்துப் பார்க்கலாம்.

எழுத்துச் சோதனைக்குக் கடைக்காரரின் விளக்கு வெளிச்சத்தை நம்பாதீர்கள். வாசலுக்கு வந்து வெயிலில் ஒருமுறையும், நிழலில் ஒருமுறையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒரு பெயரைத் தமிழில் பதிந்து, அந்தப் பெயர் உள்ள எண்ணிலிருந்து அழையுங்கள். சில பொத்தான் கைபேசிகளில் எண்கள் மட்டும் பெரிதாகவும், அழைப்பவர் பெயர் சிறிதாகவும் வரும். சிலவற்றில் தமிழ்ப் பெயர் வெறும் கட்டங்களாக வரும். அழைப்பு வரும் அந்தத் திரையில், கையை நீட்டிப் பிடித்தபடி, அவர் பெயரைப் படித்துச் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியின் எழுத்தளவையும் பாருங்கள். ஆறு இலக்க ஓடிபி வந்தால் தானே படிக்க முடிந்தால், அதை அடுத்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் நிலை அவருக்கு வராது.

பணம் கொடுக்குமுன் *#06# என்று அழுத்தினால் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். KYM என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த எண்ணுக்குரிய கருவியின் விவரம் வரும். மலிவு விலையில் கைமாறி வந்த கருவிகளைத் தவிர்க்க இது உதவும்.

வீட்டில் அமைத்துக் கொடுப்பது

பெயர்ப் பட்டியலில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கியதும் திரையில் இடம் குறைந்து பெயரின் பின்பகுதி மறைந்துவிடும். "மூத்த மகன்", "மூத்த மகள்" என்று பதிந்தால் இரண்டுமே "மூத்த ம…" என்றுதான் தெரியும். நான் முதலில் செய்த பிழை அது. தாயார் ஒரு வாரம் அக்காவுக்குப் பதிலாக எனக்கே அழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று எழுத்துகளில், ஒவ்வொன்றும் வேறு எழுத்தில் தொடங்கும்படி, அவர் வாயால் கூப்பிடும் பெயரையே பதியுங்கள்.

ஒற்றைப் பொத்தானை அழுத்திப் பிடித்து அழைக்கும் வசதியை 2, 3, 4 ஆகிய மூன்றில் மட்டும் வையுங்கள். 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொத்தான் கைபேசிகளில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போகும்படி அரசு விதித்திருக்கிறது. ஆகவே அந்த இரண்டிலும் கை வைக்க வேண்டாம். அது எதற்கு என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். முதுகில் தனியாக எஸ்ஓஎஸ் பொத்தான் உள்ள கருவியாக இருந்தால், அதில் யார் எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஒருமுறை அழுத்தி, அழைப்பு உண்மையில் வந்து சேர்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

அழைப்பு மணிக்குக் கீச்சென்ற மெட்டுகளை வைக்காதீர்கள். மேல் அலைவரிசை கேட்காத காதுக்கு அவை எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பயனில்லை. கனத்த ஓசையுள்ள மெட்டைத் தேர்ந்தெடுத்து, கருவியைக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் அடுப்படியிலும் கொல்லையிலும் இருக்கும்போது அழைத்துப் பாருங்கள். விளம்பரத் தொல்லைக்கு START 0 என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். சிம் நிறுவனம் திரையில் தானாகக் காட்டும் விளம்பரங்களை சிம் சேவைப் பட்டியலுக்குள் போய் நிறுத்துங்கள். "சரி" என்று தெரியாமல் அழுத்திக் கட்டணச் சேவை சேர்ந்துவிடுவது இதனால்தான். சார்ஜர் முனையைத் தலைகீழாகச் செருகித் துளையைக் கெடுப்பது அடிக்கடி நடப்பது. முனையின் மேற்புறத்திலும் கருவியில் அதே பக்கத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தால், பொட்டோடு பொட்டு சேர்த்துச் செருகிக்கொள்வார்.

தொடுதிரைதான் என்று முடிவானால், சாம்சங் கருவிகளில் Easy mode, ஓப்போ, ரியல்மி கருவிகளில் Simple mode, ரெட்மி கருவிகளில் Lite mode என்ற பெயரில் பெரிய சின்னங்கள் கொண்ட முகப்பு இருக்கிறது. முதலில் அதை இயக்குங்கள். பிறகு Settings பகுதியில் Font size, Display size இரண்டையும் கூட்டுங்கள். இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோனால் சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படும். ஒரு படி குறைத்து வைத்து, அழைப்பு ஏற்கும் திரை சரியாக வருகிறதா என்று பாருங்கள். Accessibility பகுதியில் Touch & hold delay என்பதை Long என்று மாற்றினால், அழுத்திப் பிடிக்கும் விரலை இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். திரையை நகர்த்தும் சைகை முறையை விட்டு, கீழே மூன்று பொத்தான்கள் தெரியும் முறைக்கு மாற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டினால் காதுப் பிளவு முழுதும் திறந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்பு உரக்கக் கேட்கவில்லை என்றால், அந்த அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிப் பொத்தானை அழுத்திக் கூட்ட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து

ஏழெட்டு நாள் கழித்துப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான்யா இருக்கு" என்பதே பதிலாக வரும். பிள்ளை மனம் நோகக் கூடாது என்று நினைப்பார்கள். அழைப்புப் பதிவைத் திறந்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் தவறிய அழைப்புகள் குவிந்திருந்தால், அந்த வேளையில் கருவி அவருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. எல்லா வேளையிலும் தவறியிருந்தால் மணியின் ஓசை அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு மூன்று நொடியில் முடிந்த அழைப்புகள் நிறைய இருந்தால், ஏற்கும்போதோ காதில் வைக்கும்போதோ கை தவறித் துண்டிக்கிறார். ஒரே எண்ணுக்குப் பல முறை வெளியழைப்பு போயிருந்தால், பெயரைப் படிக்க முடியாமல் முதலில் இருக்கும் பெயரையே அழுத்துகிறார் என்று கொள்ளலாம்.

என் தாயாரின் பதிவில் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் தவறிய அழைப்புகள் ஒன்பது இருந்தன. அந்த நேரத்தில் அவர் திண்ணையில் படுத்திருப்பார். கருவி சார்ஜரோடு உள்ளறையில் இருக்கும். சார்ஜ் போடும் வேளையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினோம். திண்ணைத் தூணில் ஓர் ஆணி அடித்து, சுருக்குப்பை அளவில் ஒரு துணிப்பையை மாட்டி, கருவியை அதில் போட்டுவைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் பிற்பகலில் தவறியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.